வீவாப் பேண்டில் எதிர்த்திசை என்ட்ரி: சின்ன லாபங்களை ஒரே நாள் விழுங்குவது ஏன்?

கேள்வி: விலை வீவாப்பிலிருந்து 2 சிக்மா விலகினால் எதிர்த்திசையில் என்ட்ரி எடுத்து, வீவாப்பைத் தொட்டதும் வெளியேறுகிறேன். 3 சிக்மாவில் ஸ்டாப். மூடும் நேரத்துக்குள் எல்லாப் பொசிஷனையும் முடித்துவிடுவேன். பல நாள் சின்னச் சின்ன லாபம் வருகிறது, ஒரே நாளில் மொத்தமும் போய்விடுகிறது. எந்த இடத்தில் தவறு?

பதில்:

உங்கள் பேண்ட் நகர்கிறது, அதோடு சேர்ந்து உங்கள் ஸ்டாப்பும் டார்கெட்டும் நகர்கின்றன. பெரும்பாலான சேதம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பேண்ட் எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். சந்தை திறந்ததிலிருந்து இந்த நிமிடம் வரை நடந்த வர்த்தகம் எல்லாம் வால்யூம் எடையிட்ட சராசரி விலையான வீவாப்பைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதுதான் இங்கே சிக்மா. இனி விலை எவ்வளவு ஆடும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கணக்கு இவ்வளவுதான்:

```python
tp = (df.high + df.low + df.close) / 3
V  = df.volume.groupby(df.date).cumsum()
vw = (tp * df.volume).groupby(df.date).cumsum() / V
m2 = (tp**2 * df.volume).groupby(df.date).cumsum() / V
sd = (m2 - vw**2).clip(lower=0) ** 0.5
```

இப்போது ஒரு சுத்தமான ட்ரெண்ட் நாளை எடுத்துக்கொள்வோம். விலை 100-இல் திறந்து நேர்கோடாக 112 வரை ஏறுகிறது, வால்யூம் நாள் முழுக்கச் சீராக இருக்கிறது. நாளின் பாதியில் விலை 106, வீவாப் 103, சிக்மா 1.73. மேல் பேண்ட் 106.46. நாளின் முடிவில் விலை 112, வீவாப் 106, சிக்மா 3.46. இரண்டு இடத்திலும் விலகலைச் சிக்மாவால் வகுத்தால் அதே 1.73தான் வரும். ஏற்றத்தின் வேகம் எதுவானாலும் இந்த எண் மாறாது. அதாவது சீராக ஏறும் நாளில் விலை காலை முதல் மாலை வரை 2 சிக்மா பேண்டுக்குச் சற்றுக் கீழேயே ஒட்டிக்கொண்டு போகும். ஒரு சின்னத் துள்ளல் போதும், உங்களுக்கு ஷார்ட் சிக்னல் வந்துவிடும்.

திறக்கும்போது வால்யூம் குவிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த நேரம் வரையான வால்யூமில் 40% திறந்த விலையிலேயே நடந்து, மீதி 60% ஏற்றம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் விகிதம் 2.1 ஆகிவிடும். துள்ளலே தேவையில்லை, விலை பேண்டுக்கு வெளியிலேயே நிற்கும். அதனால் 2 சிக்மாவைத் தொட்டதை மட்டும் வைத்து "அதிகமாக ஓடிவிட்டது" என்று முடிவு கட்ட முடியாது.

அந்த நேர்கோட்டு நாளில் பாதி நேரத்தில் 106.46-இல் ஷார்ட் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என்ட்ரி நேரத்தில் டார்கெட் 3.46 புள்ளி கீழே, 103-இல் இருந்தது. மாலையில் வீவாப்பே 106-க்கு வந்துவிட்டது. இப்போது விலை அத்தனை தூரம் இறங்கி வந்து வீவாப்பைத் தொட்டாலும் கிடைப்பது 0.46 மட்டும். ஏற்றம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் வீவாப் உங்கள் என்ட்ரியையும் தாண்டியிருக்கும், டார்கெட்டைத் தொட்டும் நஷ்டம் என்ற வேடிக்கை நடக்கும். ஸ்டாப் பக்கம் பாருங்கள்: என்ட்ரியின்போது 3 சிக்மா 108.2. அதை அப்படியே நிறுத்தியிருந்தால் நஷ்டம் 1.73 புள்ளியோடு முடிந்திருக்கும். பேண்டோடு சேர்த்து நகரவிட்டால் மாலையில் அது 116.4, விலை அதைத் தொடவே தொடாது. கடைசியில் மூடும் நேர விதிதான் உங்களை 112-இல் வெளியே தள்ளும், நஷ்டம் 5.54. பல நாள் லாபத்தை விழுங்கும் அந்த ஒரு நாள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

ஆகவே முதல் திருத்தம்: என்ட்ரி ஆன கணத்தில் ஸ்டாப்பின் விலையை எண்ணாக எழுதி உறையவையுங்கள், அதன் பிறகு உங்களுக்குச் சாதகமாக மட்டுமே நகர்த்தலாம். டார்கெட் வீவாப்போடு நகர்வதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு நகரும் என்பதை என்ட்ரிக்கு முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு. ஆறு மணி நேரச் சந்தை, 90-ஆவது நிமிடம். இதுவரை வால்யூம் 6 லட்சம், வீவாப் 502.00, சிக்மா 1.60. மேல் பேண்ட் 505.20. ஒரு ஐந்து நிமிடக் கேண்டில் 505.40-இல் முடிகிறது, அடுத்தது 504.90-இல், பேண்டுக்கு உள்ளே திரும்பி முடிகிறது. அதற்கடுத்த கேண்டில் திறக்கும்போது 504.90-இல் ஷார்ட். ஸ்டாப் 506.80. வீவாப்புக்கு 2.90 தூரம் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் விலை இறங்கிவர முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் 1.5 லட்சம் வால்யூம் சராசரியாக 503.80-இல் நடக்கும் என்றால், புதிய வீவாப் 502.36. நிஜ லாபம் 2.54. போக வரச் செலவு 0.25 கழித்தால் 2.29. ஸ்டாப் அடித்தால் 1.90, அதோடு செலவு 0.25, ஸ்லிப்பேஜ் 0.10, மொத்தம் 2.25. இரண்டும் ஏறக்குறைய சமம், எனவே பாதிக்கு மேல் ஜெயித்தால்தான் காசு. சார்ட்டில் கண்ணுக்குத் தெரிந்த 2.90-க்கு 1.90 என்ற அழகான விகிதம் இங்கே கரைந்துவிட்டது.

பேண்டைத் தொட்டதுமே லிமிட் ஆர்டரில் நுழைவதைவிட, உள்ளே திரும்பி முடியும் கேண்டிலுக்காகக் காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. விலை கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பேண்டில் கிடக்கும் லிமிட் ஆர்டர், விலை அதை உடைத்துக்கொண்டு போகும் நாளில் நிச்சயம் நிரம்பும்; லேசாகத் தொட்டுத் திரும்பும் நாளில், வரிசையில் பின்னால் நின்றால், நிரம்பாமலே போகும். பேக்டெஸ்டில் "தொட்டாலே நிரம்பியது" என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். குறைந்தது ஒரு டிக் தாண்டினால்தான் நிரம்பியதாகக் கொள்ளுங்கள்.

ட்ரெண்ட் நாளை முன்கூட்டியே ஒதுக்க எளிய வழி, முதல் அரை மணிக்குப் பிறகு விலை வீவாப்பை எத்தனை முறை கடந்தது என்று எண்ணுவது. ஒருமுறைகூடக் கடக்கவில்லை என்றால் அன்று எதிர்த்திசை என்ட்ரி வேண்டாம். பலரும் வீவாப்பின் சாய்வைச் சிக்மாவால் வகுத்துப் பார்க்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு: ட்ரெண்ட் நாளில் நேரம் போகப் போகச் சிக்மா பெருத்துக்கொண்டே போகும். மேலே சொன்ன நேர்கோட்டு ஏற்றத்தில் கடைசி 30 நிமிடத்தில் வீவாப் நகர்ந்த தூரத்தைச் சிக்மாவால் வகுத்தால் 90-ஆவது நிமிடத்தில் 0.58, 300-ஆவது நிமிடத்தில் 0.17. ஏற்றம் அதேதான், எண் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. காலைக்கென்று வைத்த வரம்பை மாலையில் பயன்படுத்தினால் எல்லா நாளும் ரேஞ்ச் நாளாகத் தெரியும். முதல் அரை மணியில் பேண்டையே நம்ப வேண்டாம். நான்கைந்து கேண்டிலை வைத்துக் கணக்கிட்ட சிக்மா மிகச் சிறியதாக இருக்கும்.

இனி மூடும் நேர விதி. இதை வெறும் வெளியேறும் விதியாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உண்மையில் அது என்ட்ரியையும் கட்டுப்படுத்த வேண்டும். விலகல் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, அதாவது அரை ஆயுளை, உங்கள் பழைய டேட்டாவில் அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது வீவாப்பைச் சிக்னல் நேரத்து மதிப்பில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வீவாப் விலையை நோக்கி நகர்ந்ததும் "விலை திரும்பியது" என்று எண்ணப்படும், முடிவு நிஜத்தைவிட இனிப்பாக வரும்.

அரை ஆயுள் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 350-ஆவது நிமிடத்தில் பொசிஷன் பூஜ்யமாக வேண்டும். மேலே சொன்ன அதே விலை, அதே வீவாப், அதே ஸ்டாப், ஆனால் 330-ஆவது நிமிடத்தில் சிக்னல் வருகிறது. மிச்சம் 20 நிமிடம். அதற்குள் சராசரியாக 37% விலகல்தான் மீளும், அதாவது 1.07. செலவு போக 0.82. நஷ்டம் மட்டும் அதே 2.25. இதில் சமன் ஆகவே சுமார் 73% முறை ஜெயிக்க வேண்டும். எனவே முடிக்கும் நேரத்துக்கு முன் இரண்டு அரை ஆயுளாவது இல்லையென்றால் புது என்ட்ரி வேண்டாம். இந்த உதாரணத்தில் 290-ஆவது நிமிடம் கடைசி.

முடிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் நிலுவையில் இருக்கும் ஸ்டாப், டார்கெட் ஆர்டர்களை ரத்து செய்து, ரத்தானது உறுதியான பிறகு, புரோக்கரிடம் நிஜப் பொசிஷன் எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு வெளியேறும் ஆர்டர் போடுங்கள். உங்கள் புரோகிராம் நினைவில் வைத்திருக்கும் எண்ணை நம்பினால் பாதி நிரம்பிய ஆர்டர்களில் தவறு வரும். வரிசையை மாற்றி முதலில் வெளியேறினால், மறந்துபோன டார்கெட் ஆர்டர் பிறகு நிரம்பி எதிர்ப்பக்கம் புதுப் பொசிஷனைத் திறந்துவிடும். முடிக்கத் தொடங்கும் நேரம் மூடுவதற்குப் பத்து நிமிடமாவது முன்னால் இருக்கட்டும். முதலில் லிமிட் ஆர்டர், இரண்டு மூன்று நிமிடத்தில் நிரம்பாவிட்டால் அதை ரத்து செய்து மிச்சத்துக்கு மட்டும் மார்க்கெட் ஆர்டர். புரோக்கரின் தானியங்கி ஸ்கொயர் ஆஃபுக்கு விட்டுவைத்தால், எல்லாரும் ஒரே கணத்தில் வெளியேறும் விலைதான் உங்களுக்கும் கிடைக்கும். சீக்கிரம் மூடும் நாட்களும் உண்டு, ஆகவே நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் எக்ஸ்சேஞ்ச் காலண்டரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இந்த விதியாலும் காப்பாற்ற முடியாத ஒரு நிலை உண்டு: நீங்கள் ஷார்ட்டில் இருக்கும்போது விலை மேல் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்பவரே இருக்க மாட்டார். விலை வரம்பை நெருங்கிவிட்ட பங்கில் எதிர்த்திசை என்ட்ரியைத் தவிர்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

உங்கள் பழைய டிரேட்களை எடுத்து, வெளியேறிய காரணப்படி மூன்றாகப் பிரியுங்கள்: டார்கெட், ஸ்டாப், நேரம். நேரத்தால் வெளியேறியவற்றின் சராசரி நஷ்டம் ஸ்டாப் நஷ்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், ஸ்டாப் பேண்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழு சிறிய லாப நஷ்டங்களாக, ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகமாக இருந்தால், தாமதமாக நுழைகிறீர்கள்.