பெரிய பதவியில் இருப்பவருக்கு எழுதுகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு நிர்வாக இயக்குநருக்குப் பல வருடம் செயலராக இருந்தேன். அவருக்கு வரும் மடல்களை முதலில் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

ஓசூரில், தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் பராமரிப்புப் பொறியாளர் நான். ஒரு பெரிய வாகன உதிரிபாக நிறுவனத்தின் உற்பத்தித் தலைவருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பதிலே இல்லை. ஏன்?

உங்கள் மடலைப் படித்தேன். படிப்பு, வேலை, விருதுகள் எல்லாம் தாண்டிக் கடைசி வரியில் "உங்கள் வழிகாட்டுதல் வேண்டும்" என்று முடிகிறது. இதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? யோசித்துத்தான் எழுத வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்த மடல் அப்படியே கீழே போய்விடும்.

கார் ஏறும் முன் போனில் படித்து, அங்கேயே பதில் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். ஓசூரில் 6 வருடமாக பிரஸ் ஷாப் பராமரிப்பில் இருக்கிறேன். டை மாற்றும் நேரத்தைக் குறைத்ததால் புதிய பிரஸ் வாங்காமலே கூடுதல் ஆர்டரைச் சமாளித்ததாகப் போன காலாண்டு முதலீட்டாளர் அழைப்பில் சொன்னீர்கள். அதே முயற்சியில் நாங்கள் பாதியில் நிற்கிறோம். நீங்கள் முதலில் பணம் போட்டது கிளாம்பிங்கிலா, ஆட்களின் பயிற்சியிலா? ஒரு வார்த்தை போதும். நேரமில்லை என்றால் பரவாயில்லை சார்."

டை என்ற அச்சைப் பிரஸ்ஸில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் எத்தனை போல்ட் என்று கேட்டிருந்தால் அவர் கீழே யாரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும். பணத்தை எதில் போடுவது என்பது அவரே எடுத்த முடிவு, அதனால் பதில் அவர் கையிலேயே இருக்கிறது. நீங்கள் தேடிப் படித்திருக்கிறீர்கள் என்பதும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதைத் தனியாகப் புகழ்ந்து எழுத வேண்டியதில்லை.

டை மாற்ற உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று உங்கள் மடலில் இருந்த கணக்கையும் எடுத்துவிட்டேன். அது உங்கள் நிறுவனத்தின் உள்விவரம், அவர் போட்டி நிறுவனத்துக்காரராக இருக்கலாம். பொருள் வரியில் "டை மாற்றம்: ஒரு கேள்வி" என்று மட்டும் போடுங்கள்.

அந்த முதலீட்டாளர் அழைப்பில் அவர் என்ன பேசினார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் வேலை சுலபம். காலாண்டு முடிவு வெளியானதும் பல நிறுவனங்கள் பங்கு ஆய்வாளர்களோடு இப்படி அழைப்பில் பேசும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அந்த உரையாடலின் எழுத்து வடிவம் 5 வேலை நாளுக்குள் வெளியாக வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்திலோ, பி.எஸ்.இ. அல்லது என்.எஸ்.இ. தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு அறிவிப்புகளிலோ பாருங்கள். முன்னுரையை விட்டுவிட்டுக் கேள்வி நேரத்துக்குப் போங்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் அவர்கள் சொந்தமாகப் பேசுவது அங்கேதான். உங்கள் ஆள் பேசிய இடங்களை மட்டும் படித்தால் அரை மணி நேரம் ஆகும். சில அழைப்புகளில் நிதித் தலைவர் மட்டுமே பேசியிருப்பார். அப்போது ஆண்டறிக்கையில் நிர்வாகத்தின் அலசல் பகுதியைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அடுத்த காலாண்டு ஆர்டர், புது ஆலை என்று இன்னும் வெளியாகாத எதையும் கேட்காதீர்கள். உள்தகவல் வணிகத் தடை விதிகள் இருப்பதால் அவரால் சொல்ல முடியாது, உங்கள் மடலையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். இரண்டு, அவர் மகள் கல்யாணப் படத்தைப் பேஸ்புக்கில் பார்த்ததாக எழுதாதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி ஒரு மடல் வந்தது. அனுப்பியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் படித்ததும் சாருக்கு முகம் மாறிவிட்டது.

பதில் வரவில்லை. எத்தனை தடவை நினைவூட்டலாம்?

ஒரு தடவை. 8, 10 நாள் கழித்து, அதே மடலின் கீழேயே இரண்டு வரி. அதில் கேள்வியைத் திரும்ப எழுதுங்கள், மேலே போய்த் தேட வைக்காதீர்கள். "பார்த்தீர்களா சார்?" என்று மட்டும் கேட்டால் ஏதோ குற்றம் சொல்வது போல ஆகிவிடும். காலாண்டு முடிவு வரும் வாரத்தைத் தவிருங்கள். அந்த வாரம் எங்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். வாட்ஸப் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

அவருடைய செயலர் பதில் போட்டு, "எச்.ஆரை அணுகவும்" என்கிறார். கதவை மூடிவிட்டார்களா?

பெரும்பாலும் உங்கள் மடல் வேலை கேட்பது போல இருந்திருக்கும். பயோடேட்டா இணைத்திருந்தீர்களா? இணைத்தால் அது எச்.ஆருக்குத்தான் போகும், என்னிடம் வந்தவற்றை நானும் அப்படித்தான் அனுப்பினேன். செயலருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள். "வேலைக்காக இல்லை மேடம், சாரிடம் ஒரே ஒரு கேள்வி" என்று அந்தக் கேள்வியையும் கீழே வையுங்கள். அப்படி வந்த கேள்வியை நான் அச்சடித்துக் கோப்போடு சாரிடம் எடுத்துப் போனது உண்டு.

"பயிற்சி" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிட்டது! இனி சந்திக்க நேரம் கேட்கலாமா?

இப்போது வேண்டாம். அன்றே ஒரு வரி நன்றி போடுங்கள். அப்புறம் பயிற்சியைச் செய்து பாருங்கள். 2, 3 மாதம் கழித்து என்ன நடந்தது, எங்கே மாட்டியது என்று நாலு வரி எழுதுங்கள். சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுபவர்கள் மிகக் குறைவு. எங்கள் சார் அப்படி எழுதிய ஒருவரைத் தானே போனில் கூப்பிட்டுப் பேசினார்.