பீம் நிறைந்ததும் இழுவை தளர்வது ஏன்?

கேள்வி: எங்கள் சைசிங் மில்லில் பாவு பீம் சுற்றும் 10 எச்.பி. மோட்டாருக்குப் பழைய டிரைவ் போய்விட்டதால், சென்சார் இல்லாத வெக்டார் டிரைவ் வாங்கினோம். "என்கோடரே வேண்டாம், 0.5 ஹெர்ட்ஸில் 150 சதவீத டார்க் கிடைக்கும்" என்று விற்றவர் சொன்னார், கேட்லாக்கிலும் அப்படித்தான் இருக்கிறது. காலையில் எப்படியோ சமாளித்துவிடுகிறது. மதியத்துக்கு மேல், பீம் நிறையும் நேரத்தில் கிராலுக்கு, அதாவது மிக மெதுவான ஓட்டத்துக்கு வந்தால் பாவு தொங்கிவிடுகிறது. டிரைவ் பழுதா? ஏமாந்துவிட்டோமா? – சோமனூர் வாசகர்

பதில்: டிரைவ் பழுதில்லை என்றே நினைக்கிறேன். விற்றவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த 150 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை அவர் சொல்லவில்லை. மோட்டாரின் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்பதை டிரைவ் அந்த நொடியில் சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை.

வெக்டார் டிரைவ் மோட்டாருக்குத் தரும் கரண்டை இரண்டாகப் பிரித்து ஆள்கிறது. ஒரு பங்கு ரோட்டாரில் காந்தப் பாய்வை நிலைநிறுத்துகிறது, மற்றது இழுவிசையை, அதாவது டார்க்கைத் தருகிறது. இப்படிப் பிரிக்க வேண்டுமானால் ரோட்டாரின் பாய்வு இந்த நொடியில் எந்தத் திசையில், எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். ரோட்டாருக்குள் அளவுக்கருவி எதுவும் இல்லை. தண்டின் மேல் அதன் சுழற்சியை அளக்கும் என்கோடரும் இல்லை. ஆகவே டிரைவ் தன் முனைகளில் தெரியும் வோல்டேஜையும் கரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் அடிப்படை ஒரே வரிதான்:

```
ψs = ∫ (v − Rs·i) dt
```

மோட்டாருக்குக் கொடுத்த வோல்டேஜில் ஒரு பகுதி வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸிலேயே செலவாகிவிடுகிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது பாய்வு சுழல்வதால் எழும் எதிர் வோல்டேஜ். அதை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போனால் ஸ்டேட்டாரின் பாய்வு கிடைக்கும். அதிலிருந்து கசிவுப் பாய்வின் பங்கை நீக்கினால் ரோட்டார் பாய்வு வந்துவிடுகிறது. பாய்வு சுழலும் வேகத்திலிருந்து, இழுவிசைக்கு ஏற்ப ரோட்டார் பின்தங்கும் அளவான ஸ்லிப்பைக் கழித்துத் தண்டின் வேகத்தையும் டிரைவ் ஊகித்துக்கொள்கிறது.

இந்தக் கழித்தல் கணக்கு எங்கே இடறுகிறது என்பதை உங்கள் மோட்டாரை ஒத்த ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். 7.5 கிலோவாட், நான்கு போல், 415 வோல்ட், ஏறக்குறைய 14.5 ஆம்பியர், 1440 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் டெர்மினலுக்கு டெர்மினல் 1.4 ஓம் காட்டினால், ஒரு ஃபேசுக்கு 0.7 ஓம். முழு கரண்டில் ரெசிஸ்டன்ஸில் இழப்பது சுமார் 10 வோல்ட். 50 ஹெர்ட்ஸில் ஃபேஸ் வோல்டேஜ் 240. ஆகவே எதிர் வோல்டேஜ் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 4.8 வோல்ட் என்ற விகிதத்தில் குறைந்துகொண்டே வருகிறது.

காலையில் 30 டிகிரியில் இருந்த வைண்டிங் மதியம் 100 டிகிரியைத் தொட்டால், செம்பின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் வீதம் ஏறி, 27 சதவீதம் கூடிவிடும். முன்பு 10 வோல்ட் இழந்த இடத்தில் இப்போது 12.7 வோல்ட் இழக்கிறது. டிரைவ் இன்னமும் பழைய 10 வோல்ட்டைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறது, கணக்கில் 2.7 வோல்ட் பிழை. முழு வேகத்தில் 240 வோல்ட்டில் 2.7 என்பது ஒரு சதவீதம்தான், யாருக்கும் தெரியாது.

கிராலில் கதை வேறு. காலி பீமில் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடும்போது மோட்டார் 1440 ஆர்.பி.எம். சுற்றும்படி கியர் இருந்தால், விட்டம் நான்கு மடங்கான நிறைந்த பீமில் அதே 60 மீட்டருக்கு 360 ஆர்.பி.எம். போதும். கிரால் வேகம் 3 மீட்டர் என்றால் மோட்டார் வெறும் 18 ஆர்.பி.எம். சுற்றுகிறது, அதாவது 0.6 ஹெர்ட்ஸ். விட்டம் கூடியதால் இழுவிசையும் உச்சத்தில் இருக்கும். அதற்கான ஸ்லிப் 2 ஹெர்ட்ஸ் சேர்ந்து டிரைவ் கொடுப்பது 2.6 ஹெர்ட்ஸ். அங்கே எதிர் வோல்டேஜ் மொத்தமே 12.5 வோல்ட். அதில் 2.7 வோல்ட் பிழை என்பது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இல்லாத வோல்டேஜ் இருப்பதாக டிரைவ் எண்ணுவதால், பாய்வு போதுமான அளவு இருக்கிறது என்று தவறாக முடிவுகட்டி, காந்தத்துக்கான கரண்டைக் குறைக்கிறது, இழுவிசை வீழ்கிறது, பாவு தொங்குகிறது. பீம் நிறைவதும் மோட்டார் சூடாவதும் ஒன்றுசேரும் நேரத்தில் உங்களுக்குத் தொல்லை வருவதற்கு இதுவே காரணம். கிராலில் மோட்டாரின் ஃபேனும் காற்று வீசாது என்பதால் சூடு இன்னும் ஏறும்.

தொலைபேசியில் கேட்டபோது நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். இந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டிய கையோடு, பட்டறையிலேயே இரண்டு மீட்டர் கேபிளில் டிரைவை டியூன் செய்து, அதாவது மோட்டாரின் ரெசிஸ்டன்ஸை அளந்து பதியவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மில்லில் பேனலிலிருந்து மோட்டாருக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 40 மீட்டர் போகிறது. அந்தக் கேபிளே ஒரு ஃபேசுக்கு சுமார் 0.18 ஓம், முழு கரண்டில் இன்னொரு 2.7 வோல்ட். இதுவும் டிரைவின் கணக்கில் இல்லை. சூட்டின் பிழையும் கேபிளின் பிழையும் சேர்ந்தால் 12.5 வோல்ட்டில் ஐந்துக்கு மேல் போய்விடுகிறது. காலையில் கேபிளின் பிழை மட்டும் இருப்பதால்தான் எப்படியோ சமாளிக்கிறது. நம் பக்கத்தில் மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக்கொள்வது வழக்கம். கம்பியின் கனம் சற்று மாறினாலும் பழைய ரெசிஸ்டன்ஸ் மாறிவிடும். ஆகவே காயில் கட்டியதும் டிரைவை, அது நிற்கும் இடத்தில், அதன் கேபிளோடு மறுபடி டியூன் செய்தே ஆக வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிக்க டிரைவின் திரையில் காட்டும் டார்க்கை நம்பாதீர்கள். அந்த எண்ணும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. பாவு தொங்கும்போதும் அது 100 சதவீதம் காட்டக்கூடும். கப்ளிங்கில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, நிறைந்த பீம், சூடான மோட்டார், கிரால் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். திரையில் 18, கையில் 12 என்றால் ஊகம் பிசகியிருக்கிறது. ரோட்டார் சூடாவதால் ஸ்லிப் கணக்கும் பிழைபடும் என்பதால், டியூன் சரியாக இருந்தாலும் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

இப்போது செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடி மிதமாகச் சூடான பின், மில்லின் கேபிளோடே டியூன் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் நின்று கிளம்பும்போதெல்லாம் ரெசிஸ்டன்ஸைத் தானே அளந்துகொள்ளும் வசதி சில டிரைவ்களில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் அதை இயக்கிவிடச் சொல்லுங்கள். டிரைவின் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும் வேகமான கேரியர் 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 4 ஆகக் குறைக்கலாம். மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க விடும் இடைவெளி 2 மைக்ரோ நொடி என்றால், அதனால் 8 கிலோஹெர்ட்ஸில் சுமார் 9 வோல்ட் கணக்கு மாறும்; டிரைவ் அதை ஈடுகட்டினாலும் எச்சம் நிற்கும், பாதியாக்கினால் எச்சமும் பாதியாகும். மோட்டாரின் கீச்சொலி சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்த பிறகும் பாவு தொங்கினால் என்கோடருக்குப் போய்விடுங்கள். டிரைவில் என்கோடர் கார்டு செருகும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிரைவையே மாற்ற வேண்டியதில்லை. மோட்டாரின் பின்தண்டில் என்கோடர் பொருத்த ஃபேன் மூடியை மாற்ற வேண்டியிருக்கும். தண்டின் வேகம் கையில் இருந்தால், பாய்வின் திசையை எதிர் வோல்டேஜை நம்பாமலேயே கணக்கிடலாம். ஆகவே கிராலிலும் நிற்கும் நிலையிலும் இழுவிசை தளராது.

கேள்வி: பீம் தூக்கும் ஹாய்ஸ்டுக்கும் இதே டிரைவ் இன்னொன்று வாங்க இருந்தோம். வாங்கலாமா? இதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: ஹாய்ஸ்டுக்கு என்கோடர் இல்லாமல் வாங்க வேண்டாம். ஏற்றும்போது ஸ்லிப் வேகத்தோடு கூடுகிறது. இறக்கும்போது சுமையே மோட்டாரைச் சுற்றுவதால் கழிகிறது. முழுச் சுமையை 60 ஆர்.பி.எம்.-இல் இறக்கினால், 2 ஹெர்ட்ஸ் வேகத்தில் 2 ஹெர்ட்ஸ் ஸ்லிப் போக, டிரைவ் கொடுக்கும் அலை பூஜ்ஜியம் ஹெர்ட்ஸ். எதிர் வோல்டேஜ் என்பதே அங்கே இல்லை. ரோட்டாரில் நடப்பது எதுவும் முனைகளில் தெரியாது. எவ்வளவு நல்ல டிரைவானாலும் இல்லாத தகவலிலிருந்து ஊகிக்க முடியாது. அந்த இடத்தை விரைவாகக் கடந்துவிட்டால் பரவாயில்லை, அங்கேயே நிதானமாக நின்று இறக்கினால் பீம் நழுவும். கீழே ஆள் நிற்கும் இடம் அது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்தும் சைசிங் மில்லுக்கு அந்த வழி கடினம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, இன்ன வேலைக்கு வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய தொழில்திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். ஆனால் மாடல் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அடுத்த ஆர்டரில் மாடலோடு நிறுத்தாமல், "மோட்டார் முழுச் சூட்டில், 40 மீட்டர் கேபிளில், 18 ஆர்.பி.எம்.-இல் முழு இழுவிசை பத்து நிமிடம் தாங்க வேண்டும்; எங்கள் இடத்தில் ஓட்டிக் காட்டிய பிறகே பாக்கித் தொகை" என்று எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.