ஓட்ட நிகழ்ச்சிக்கு 80 தன்னார்வலர்கள் போதுமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நிதி திரட்ட முதல்முறையாக 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டம் நடத்துகிறது. 800 பேர் ஓடுவார்கள். தன்னார்வலர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம், முன் அனுபவம் கிடையாது. கூகுள் ஃபார்மில் 80 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போதுமா? யாரை எங்கே, எத்தனை மணிக்குப் போடுவது?

போதாது. கையில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை இடத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று முதலில் எண்ணுங்கள். உங்கள் பாதை 5 கி.மீ. சுற்று, 10 கி.மீ.காரர்கள் அதையே இரண்டு முறை சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 800 பேரில் 500 பேர் ஐந்து, 300 பேர் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பாதை வேறு மாதிரி இருந்தால் எண்கள் மாறும், எண்ணும் முறை மாறாது.

ஒரே ஒரு தண்ணீர் மேசையை எடுத்துக்கொள்வோம். 2.5 கி.மீ.யில் போடும் மேசையை ஐந்துகாரர்கள் ஒரு முறையும் பத்துகாரர்கள் இரு முறையும் கடப்பார்கள். ஆக 1,100 கடப்புகள். பாதிப் பேர் இரண்டாவது கப் எடுப்பார்கள் என்று வைத்தால் சுமார் 1,650 கப். கப்புக்கு 150 மி.லி. ஊற்றினால் 250 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 13. பதினைந்தாக இறக்கிவிடுங்கள். ஊற்ற 3 பேர், கையில் கொடுக்க 3 பேர், சாலையில் விழும் கப்பைப் பொறுக்க 2 பேர், இவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கேப்டன் என்று 9 பேர் வேண்டும். கப் பொறுக்க ஆள் வேண்டுமா என்று கேட்காதீர்கள். ஈரச் சாலையில் கிடக்கும் கப்பை மிதித்து ஒருவர் வழுக்கினால் ஊற்றுகிறவரும் கொடுக்கிறவரும் வேலையை விட்டுவிட்டு ஓடுவார்கள், மேசை நின்றுவிடும்.

இதே மாதிரி ஒவ்வொரு இடமாக எண்ணிக்கொண்டு வந்தால்: திருப்பங்கள் ஆறு, தலா இருவராக 12. இரண்டாவது சுற்று பிரியும் இடத்தில் 3. அங்கே பத்துகாரர்களுக்கான சின்னத் தண்ணீர் மேசைக்கு 4. பை வைக்கும் கவுண்டர் 4, உதவி மேசை 3, மெடல் 6, முடிவிடத் தண்ணீர் 4, காலை உணவு 8, பார்க்கிங் 6. இதோடு எங்கேயும் நிறுத்தாத உபரி ஆள் 6. மொத்தம் 65. சனிக்கிழமை பிப், அதாவது ஓடுபவர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, கொடுக்க காலை 6, மாலை 6 தனி. சனிக்கிழமை மாலை எட்டு மணி வரை நின்றவரை ஞாயிறு நாலரை மணிக்குக் கூப்பிடாதீர்கள். வரமாட்டார், வந்தாலும் எட்டு மணிக்குள் முகம் தொங்கிவிடும்.

இனி உங்கள் 80. லிங்க் பார்த்துத் தனியாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். ஒரு பொறுப்பாளரின் கீழ் குழுவாக வருகிறவர்களில் ஐந்துக்கு நான்கு. இது ஆய்வு முடிவு ஒன்றும் இல்லை, வேலைக்கு உதவும் கைக்கணக்கு. "எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்தார்களே" என்று சிலர் கமென்ட் போடுவார்கள். வந்திருக்கலாம், சந்தோஷம், நீங்கள் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இந்தக் கணக்கில் உங்களிடம் இருப்பது 40 பேர், குறைவது 25. இன்னொரு முறை லிங்க் அனுப்பி இதை அடைக்க முடியாது. பொறுப்பாளரோடு வரும் 32 பேர் கொண்ட ஒரு குழு வேண்டும்.

அதற்கு நல்ல வழி கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம். இதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது அவர்களுக்கும் தேவையானதுதான். மாணவர்களிடம் நேராகப் போகாமல், ஒரு மாதம் முன்பே திட்ட அலுவலரைப் பாருங்கள். அறக்கட்டளை லெட்டர்ஹெட்டில் தேதி, இடம், வர வேண்டிய நேரம், விடும் நேரம், வேலை என்ன, மாணவிகளை யார் அழைத்துப் போய் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசி விஷயம் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும். செமஸ்டர் தேர்வுக் காலமா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஃபார்மில் டி-ஷர்ட் அளவு கேட்டிருப்பீர்கள். "விடிகாலை 4:30க்கு எப்படி வருவீர்கள்?" என்று கேட்டீர்களா? சொந்த வண்டி, நண்பரோடு, யாராவது கூட்டிவர வேண்டும், பஸ் என்று நான்கு விடைகள் போதும். ஷிஃப்ட் பட்டியலே இந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது. ஞாயிறு அந்த நேரத்தில் பஸ்ஸை நம்புகிறவர் வர நினைத்தாலும் வந்து சேரமாட்டார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தனியாக வாங்குங்கள், அவர்களைச் சாலையில் நிறுத்தாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லோரையும் நான்கு மணிக்கு வரச் சொல்வது. பத்து கி.மீ. 5:30க்கும் ஐந்து கி.மீ. 6:00க்கும் கிளம்புகிறது என்றால், பார்க்கிங் ஆட்கள் 4:15, பை கவுண்டர் 4:30, திருப்பங்களும் தண்ணீரும் 4:45. ஆனால் முதல் ஆள் ஓடி முடிக்கவே ஆறு மணி தாண்டும். மெடல் கொடுப்பவரும் முடிவிடத் தண்ணீர்க்காரரும் 5:40க்கும் உணவுக்காரர்கள் 6:00க்கும் வந்தால் போதும். அதாவது 18 பேர் நேரம் கழித்து வரலாம். பஸ், "யாராவது கூட்டிவர வேண்டும்" என்று எழுதியவர்களை இந்தப் பதினெட்டில் போடுங்கள். இவர்களையும் நாலு மணிக்கு வரவழைத்தால் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்று செல்போன் பார்ப்பார்கள், உண்மையான வேலை வரும்போது டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

பிரியும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை நிகழ்ச்சிகள் சொதப்புவது அங்கேதான். ஐந்து கி.மீ. பிப் அணிந்தவர் முடிவிடத்துக்குப் போக வேண்டும். பத்து கி.மீ. பிப் அணிந்தவர் முதல் தடவை வந்தால் இரண்டாவது சுற்றுக்கு, இரண்டாம் தடவை வந்தால் முடிவிடத்துக்கு. அங்கே நிற்கும் பையனுக்கு இது எத்தனையாவது தடவை என்று எப்படித் தெரியும்? தெரியாது. பிப்பின் நிறத்தை மட்டும் பார்த்து எல்லாப் பத்துகாரர்களையும் மறுபடி சுற்றுக்கு அனுப்புவான், சிலர் 15 கி.மீ. ஓடிவிட்டு வந்து சண்டை போடுவார்கள். வழி சுலபம்: கலர் ரப்பர் பேண்ட் 300. முதல் தடவை வரும்போது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கொடுங்கள். பேண்ட் இல்லாத பத்து கி.மீ. பிப் இடது பக்கம், மற்ற எல்லோரும் வலது பக்கம். ஒருவர் பத்து மீட்டர் முன்னால் நின்று பிப் பார்த்துக் கத்த வேண்டும், ஒருவர் பேண்ட் கொடுக்க வேண்டும், ஒருவர் நடுவில் நின்று கை காட்ட வேண்டும். கத்துகிற ஆள் தானே ஓடிப் பழகியவராக இருந்தால் நல்லது, குரல் அவசியம். உங்கள் ஆட்களில் சிறந்த மூவரை மேடைக்குப் பக்கத்தில் வைக்காமல் இங்கே வையுங்கள்.

திருப்பத்தில் நிற்பவர்களிடம் இரண்டு விஷயம் அழுத்திச் சொல்லுங்கள். வண்டிகளை நிறுத்துவது போலீஸ்காரர் வேலை. இவர்கள் ஓடுபவருக்கு வழி காட்டுவதோடு சரி, வண்டிக்கு முன்னால் கை நீட்டக் கூடாது. இரண்டாவது, கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் உங்கள் பைக் தாண்டும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. கூட்டம் போனதும் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். அப்புறம் மெதுவாக நடந்து வரும் அம்மாக்கள் இருபது பேர் தப்பான தெருவுக்குள் போய்விடுவார்கள்.

வருகையை உறுதி செய்ய வாட்ஸ்அப் குழுவில் வரும் கட்டை விரலை எண்ணாதீர்கள். பத்து நாள் முன்னால் ஒவ்வொருவருக்கும் தனியாக அவர் நிற்கும் இடம், நேரம், கேப்டன் பெயர் அனுப்பி, அதைத் திருப்பி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நாள் முன்னால் கேப்டன் போன் செய்ய வேண்டும். ஒரு கேப்டனுக்கு எட்டு பேருக்கு மேல் வேண்டாம். பேச்சு இப்படி இருந்தால் உண்மை வெளியே வரும்: "வர முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல, வேற ஆள் போட்டுக்கறேன்." "ட்ரை பண்றேன்", "பாக்கலாம்" என்றால் வரமாட்டார் என்று பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள், அதற்கான சொற்கள்தான் இவை. போனை எடுக்காதவர் இடத்தை உடனே நிரப்புங்கள். உபரி ஆறு பேரைத் தொடாதீர்கள், அவர்கள் ஞாயிறு காலைக்கு.

வந்தவர்கள் நிற்பார்களா என்பது கழிப்பறையும் இட்லியும் முடிவு செய்யும் விஷயம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அருகே எந்தக் கழிப்பறை அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று முந்தின நாள் போய்ப் பார்த்து (பெரும்பாலும் பெட்ரோல் பங்க்) கேப்டன் தாளில் எழுதுங்கள். பெண்களை இருட்டான முனையில் தனியாக நிறுத்தவே கூடாது. உணவு கவுண்டர் திறக்கும் முன்பே தன்னார்வலர்களுக்கான 80 பொட்டலத்தை எண்ணி எடுத்து வேறு வண்டியில் வையுங்கள். சாலையில் நிற்பவர்கள் திரும்பி வர எட்டு மணி ஆகும், அதற்குள் பொங்கல் பாத்திரம் காலியாகியிருக்கும். நான்கு மணிக்கு எழுந்து வந்தவனுக்கு வெறும் பாத்திரத்தைக் காட்டினால் அடுத்த வருடம் போனே எடுக்க மாட்டான்.

இதெல்லாம் பெரிய மாரத்தான் நடத்துகிறவர்களுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். 800 பேருக்கு ஒரு கூகுள் ஷீட்டும் எட்டு கேப்டனும் போதும், தனி மென்பொருள் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இந்தச் சிறப்பு விருந்தினர் வழக்கத்தை என்ன சொல்ல! கொடியசைக்க வருகிறவர் நாற்பது நிமிடம் தாமதமாக வருவார், அதுவரை 800 பேரும் கோட்டில் நிற்பார்கள், திருப்பத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. வந்ததும் போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும் என்று மெடல் மேசையிலிருந்து ஆளைப் பிடுங்கி மேடைக்கு ஓட்டுவார்கள். அறங்காவலர்களிடம் இன்றே பேசி, 5:30க்கு யார் இருக்கிறாரோ அவர் கொடியசைப்பார் என்று எழுதி வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் நேரப் பட்டியலில் முடியும் நேரத்தை முக்கால் மணி தள்ளிப் போட்டு, அதையே தன்னார்வலர்களிடமும் சொல்லுங்கள்.

சான்றிதழை முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். கேப்டன் தாளில் வந்த நேரம், போன நேரம் குறித்தவர்களுக்கு மட்டும், மணிக்கணக்கோடு, ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். திட்ட அலுவலருக்கு அந்தத் தாளின் நகலும் போக வேண்டும்.