தேவி எடுத்த படம்

அன்புள்ள ஐயா,

மார்ச் மாதம் தோழியுடன் ஏற்காடு போயிருந்தேன். தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட்டில் காபி பூத்திருந்தது. அங்கே தோழி என்னை எடுத்த படம் அத்தனை அழகு. நல்ல வெயில் அடித்தபோது “எடுடி” என்றேன். “இரு, மேகம் வரட்டும்” என்று நிற்க வைத்துவிட்டு, சரிவில் இறங்கி மண்ணில் குந்தி எடுத்தாள். அதை இன்ஸ்டாகிராமில் போட்டு, கடைசி வரியில் “போட்டோ கிரெடிட்” என்று அவள் பெயரைச் சேர்த்தேன். “என்னடி, ஸ்டுடியோக்காரங்களுக்குப் போடற மாதிரி போட்டிருக்கே” என்று சிரித்தாள். பெரிதாக நன்றி எழுதினால் கூச்சப்படுவாள். அவளை எப்படிக் குறிப்பிடுவது? பெயரைத் தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

எழுத வேண்டிய வரி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “இரு, மேகம் வரட்டும்” என்று தேவி சொன்னாரே, அதுதான்.

காபிப் பூ நல்ல வெள்ளை. நேர் வெயிலில் எடுத்தால் இதழ்களெல்லாம் வெளுத்து, ஒன்றோடு ஒன்று கலந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். உங்கள் முகத்தில் மூக்கின் நிழலும் கண்ணுக்குக் கீழே கருப்பும் விழும். மேகம் சூரியனை மறைத்ததும் வெளிச்சம் பரவலாக வருகிறது, பூ பூவாகத் தெரிகிறது, முகமும் தெளிகிறது. அவர் சரிவில் கீழே இறங்கியதற்கும் காரணம் இருக்கும். காபிச் செடியைக் கவாத்து செய்து நெஞ்சுயரத்தில் வைத்திருப்பார்கள். நின்றபடி எடுத்தால் செடியின் மேல்பக்க இலைதான் அதிகம் தெரியும். பூவோ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருக்கும். கீழிருந்து பார்த்தால்தான் பூ நிறைந்த கிளைகளும் அவற்றுக்கு மேலே உங்கள் முகமும் ஒன்றாகக் கிடைக்கும். இரண்டுமே தேவி யோசித்துச் செய்த வேலை. பார்க்கிறவருக்குப் படம் பிடித்துப்போகும். ஆனால் எதனால் பிடித்தது என்று தெரியாது. அதைச் சொல்லும் இடத்தில் அவர் பெயர் வந்தால் போதும்.

முதலில் நீங்கள் போட்டதைப் பார்ப்போம். பூவைப் பற்றி, ஊரைப் பற்றி எழுதி முடித்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு பெயர். அது தப்பில்லை. பத்திரிகையில் அப்படித்தான் போடுவார்கள், அங்கே அதுதான் முறையும். ஆனால் அந்த வரி உங்கள் பேச்சுக்கு வெளியே நிற்கிறது. தேவிக்கு அன்னியமாகப் பட்டதற்குக் காரணம் அதுவே.

அடுத்து, “என் உயிர்த்தோழி, அற்புதமான கலைஞி தேவிக்குக் கோடி நன்றிகள்” என்று எழுதலாம். எழுதினால், கீழே அவர் வந்து “ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாராட்டு அவருக்கு ஒரு வேலையாகிவிடுகிறது. படத்தைப் பார்க்கிறவருக்கும் அதிலிருந்து புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“ஏற்காட்டில் காபி பூத்திருக்கிறது. நான் வெயிலில் அவசரப்பட, மேகம் வரும்வரை நிற்க வைத்து தேவி எடுத்த படம். பக்கத்தில் நின்றால் மல்லிகை வாசம்.”

இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. படிக்கிறவர் மேகம் என்றதும் திரும்பப் படத்தைப் பார்ப்பார், அந்த மெத்தென்ற வெளிச்சம் கண்ணில் படும். தேவிக்கு உரியது தேவிக்குப் போய்விட்டது, அவர் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. எழுதிய பிறகு ஒன்று செய்து பாருங்கள். அதே வரியை உங்களுடைய வேறு எந்தப் படத்தின் கீழும் வைக்க முடிகிறதா? முடிந்தால் அது இன்னும் பொதுவாகவே இருக்கிறது. சரிவில் குந்தியதையோ மேகத்துக்காக நின்றதையோ வேறு படத்தில் வைக்க முடியாது.

“தேவி எடுத்த படம்” என்று அமைத்ததில் இன்னொரு வசதியும் உண்டு. நேரில் நீங்கள் “எடுடி” என்பீர்கள். பொதுவில் “எடுத்தாள்” என்று எழுதினால் அவர் அலுவலகத்தில் இருப்பவர்களும் புகுந்த வீட்டாரும் படிப்பார்கள். சிலருக்கு அது உறுத்தும். “எடுத்தார்” என்று எழுதினாலோ உங்கள் நெருக்கம் போய்விடும். “எடுத்த” என்று எழுதினால் இந்தச் சங்கடமே வராது. அண்ணன் எடுத்தாலும் அத்தை எடுத்தாலும் இதே அமைப்புப் பொருந்தும்.

பெயருக்குப் பதிலாக @ குறி போட்டு அவர் கணக்கைச் சேர்ப்பதாக இருந்தாலும் இந்த அமைப்பே நல்லது. “தேவிக்கு”, “தேவியின்” என்று எழுதப்போனால் ஆங்கில எழுத்தில் இருக்கும் கணக்குப் பெயரோடு தமிழ் உருபு ஒட்டிக்கொண்டு பார்க்கவே நன்றாக இருக்காது. கணக்குப் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, “எடுத்த படம்” என்று தொடருங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். தெரியாதவர்கள் தன் பக்கத்துக்கு வருவதை விரும்பாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெயர் மட்டும் போதும். படத்தின் மேலே டேக் செய்வதும் வேண்டாம் என்பேன். படத்தில் இருப்பவர்களுக்குத்தான் வழக்கமாக டேக் போடுவது, பார்க்கிறவர் உங்களையே தேவி என்று நினைத்துவிடக் கூடும். அப்புறம், பெயர் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை இன்ஸ்டாகிராம் மடித்து வைத்துவிடும். ஹேஷ்டேக்குகளுக்குப் பின்னால் வரும் பெயரை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

கேலி செய்து எழுதலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நெருங்கியவர்களிடம் அது இயல்புதான். “தலையை வெட்டாமல் தேவி எடுத்த முதல் படம்” என்று வீட்டுக் குழுவில் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். வெளியாள் அதையே படித்தால், இவருக்குப் படமெடுக்க வராது என்றுதான் எடுத்துக்கொள்வார். விளையாடத் தோன்றினால் அவருடைய பிடிவாதத்தோடு விளையாடுங்கள். “மேகம் வரும்வரை கொசுக்கடியில் நிற்க வைத்து” என்று எழுதினால் அதில் செல்லக் கோபமும் இருக்கும், அவர் வேலையின் அருமையும் இருக்கும்.

இந்த இலகுவான வரி போதாத இடம் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது விடுதியோ பத்திரிகையோ “எங்களுக்குத் தர முடியுமா” என்று கேட்கலாம். ஏற்காட்டுக் காபிப் பூ படம் என்றால் கேட்பார்கள். உங்கள் பக்கத்திலிருந்து படம் வெளியே போகும்போது கீழே எழுதியது கூடப் போகாது. அங்கே “படம்: தேவி” என்று தனியாகவும் தெளிவாகவும் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் தேவியிடம் கேளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தை எடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. நிற்பது நீங்கள், கைபேசியே உங்களுடையது என்றாலும் தோழமையாக எடுத்துத் தந்த படம் அவருடையதுதான். ஆகவே “தருகிறேன்” என்று நீங்களாகச் சொல்லிவிட முடியாது.

ஏற்கெனவே போட்டதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. மூன்று புள்ளியைத் தொட்டுத் திருத்தினால் வரி மட்டும் மாறும், விருப்பங்களும் பின்னூட்டங்களும் அப்படியே இருக்கும். மாற்றுவதற்கு முன் வரியைத் தேவிக்கு வாட்ஸப்பில் அனுப்பிப் பாருங்கள். கொசுக்கடி வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடலாம்.

அன்புடன்.