வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சண்டை முற்றும்போது ஏதாவது தகாத வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். ஒரு மணி நேரம் கழித்து அமைதியாகத்தான் திரும்புவேன். ஆனால் அதற்குள் மனைவியின் கோபம் இரட்டிப்பாகியிருக்கும். அவரிடம் சொல்லாமல் என் தம்பிக்கு 40,000 ரூபாய் கொடுத்தது பற்றிப் போன வாரம் பேச்சு வந்தபோதும் இதுதான் நடந்தது. விலகிப் போவது தவறா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

விலகுவது தவறில்லை. அந்த நிலையில் உட்கார்ந்து பேசியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தம்பதிகளின் சச்சரவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பேசிக்கொண்டிருப்பவர்களின் இதயத் துடிப்பையும் சேர்த்தே அளந்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால், எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனம் அதை வாங்கிக்கொள்வதில்லை என்கிறார். உடல் ஆபத்தைச் சந்திப்பதுபோலத் தயாராகிவிடுகிறது. ஒருமுறை தம்பதிகளின் வாக்குவாதத்தைப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி பேசத் தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் இணக்கமாக இருந்தது.

மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். 25க்கு மேல் எண்ணினால் அது பேசுவதற்கான நேரமில்லை. வண்டி ஓட்டுவதற்கான நேரமும் இல்லை. சாவியை வைத்துவிட்டு நடந்து போங்கள்.

நீங்கள் ஆறித் திரும்பும்போது அவர் கொதிப்பது ஏன்? நீங்கள் எப்போது வருவீர்கள், வந்தபின் பேசுவீர்களா என்று அவருக்குத் தெரியாது. பாதிப் பேச்சில் கதவு சாத்தப்பட்டால், உள்ளே இருப்பவருக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும். நானும் பல ஆண்டுகள் இப்படிச் செய்தவன். மொட்டை மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிட உட்காருவேன். ஒருநாள் என் மனைவி கேட்டார்: “உங்களுக்கு ஆறிவிட்டது. நான் கேட்ட கேள்வியும் ஆறிப்போய்விட்டதா?” அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கிளம்பும்போது நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். “எனக்குப் படபடப்பாக இருக்கிறது. அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன். எட்டரைக்கு இதைப் பற்றியே பேசுவோம்.” இவ்வளவு போதும். “நீ கத்துவதால் போகிறேன்” என்று சொன்னால் அது அடுத்த சண்டைக்கு விதை. குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். உடலில் ஏறியது இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. விலகியவர்தான் திரும்ப அழைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை இருவரும் சண்டையில்லாத ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சண்டையில் புதிதாகச் சொன்னால் தப்பிக்கும் வழியாகத்தான் தெரியும்.

நடக்கும்போது மனம் என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். “அவள் தங்கைக்கு நகை வாங்கியபோது நான் கேட்டேனா” என்று பதில்களை அடுக்கிக்கொண்டே நடந்தால், ஒரு மணி நேரம் கழித்தும் துடிப்பு இறங்காது. அம்மாவுக்கோ நண்பருக்கோ போன் செய்து புலம்புவதும் அதே சண்டையின் தொடர்ச்சிதான். பாட்டுக் கேளுங்கள், காய்கறி வாங்குங்கள், எதிரே வரும் பஸ்களின் எண்களையாவது படியுங்கள். திரும்பியதும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வார்த்தைகள் இன்னும் வரிசையாக நின்றுகொண்டிருந்தால், “இன்னும் இருபது நிமிடம் கொடு” என்று கேளுங்கள்.

நான் சொல்வதெல்லாம் இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய வீட்டுக்குத்தான். கை ஓங்குதலோ மிரட்டலோ இருக்கும் வீட்டில் இடைவேளை தீர்வாகாது. அப்படிப்பட்ட நிலையில் இதைப் படிக்கும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

இனி அந்த 40,000. அதை இன்னும் நீங்கள் பேசவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்காமல், இன்றைக்கு ஒரு நேரம் கேட்டு நீங்களே எடுங்கள். தம்பியின் கஷ்டத்திலிருந்து தொடங்க வேண்டாம், அது நியாயப்படுத்துவதாகிவிடும். “உன்னிடம் சொல்லாமல் கொடுத்தது என் தவறு. அது தெரிந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று சொல்” என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தைகளில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். தம்பிக்கு ஏன் பணம் தேவைப்பட்டது என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். எவ்வளவு தொகைக்கு மேல் இருவரும் கலந்துதான் கொடுப்பது என்பதையும் அன்றே முடிவுசெய்யுங்கள்.