கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொன்ன கருத்து எங்கே போகிறது? கேள்வி பதில்

சிமெண்ட் ஆலைச் சுரங்கத்துக்கு எங்கள் தாலுகாவில் கருத்துக் கேட்பு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றுதான் பேசினோம். பங்கேற்பு ஏணியில் இது எந்தப் படி? (கல்லூரி மாணவி)

நான்காவது படி. எவ்வளவு கூட்டம் வந்தாலும், எவ்வளவு காரமாகப் பேசினாலும் அது மாறாது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எட்டுப் படிகளாக இந்த ஏணியை வரைந்தார். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டங்களில் மக்கள் பங்கேற்பை உள்ளிருந்தே பார்த்தவர் அவர். கீழ் இரண்டு படிகளில் மக்களைச் சரிக்கட்டும் வேலைதான் நடக்கிறது. மூன்றாவதில் தகவல் சொல்கிறார்கள், நான்காவதில் கருத்துக் கேட்கிறார்கள், ஐந்தாவதில் குழுவில் ஓரிரண்டு நாற்காலி தருகிறார்கள். இந்த மூன்றும் பேருக்குத்தான். ஆறாவதில் கூட்டாக முடிவெடுப்பது, ஏழாவதில் முடிவின் பெரும்பகுதி மக்கள் கைக்கு வருவது, எட்டாவதில் முழுப் பொறுப்பு.

உங்கள் கூட்டத்துக்கான விதி, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை வகிப்பார், நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். வந்தவர்கள் சொன்னதைச் சுருக்கி எழுதி, கூட்டம் முடியும்போது உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. எல்லோரும் வேண்டாம் என்றாலும் அது பதிவாகும், அவ்வளவுதான். அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறது.

நான் பேரூராட்சியில் இளநிலைப் பொறியாளர். மழைநீர் வடிகால் திட்டத்துக்குத் தகவல் கூட்டம் முடித்துவிட்டோம். அடுத்து கருத்துக் கேட்பு, அப்புறம் குழு என்று படிப்படியாக ஏறினால் சரியாக இருக்குமா?

ஏணியை வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அது அளவுகோல். ஒரு குறிப்பிட்ட முடிவில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பார்க்க மட்டும் உதவும். தகவல் கூட்டம் நடத்தியதால் அடுத்த படிக்குப் போவீர்கள் என்பதில்லை.

உங்கள் வடிகாலில் நான் முதலில் கேட்பது தேதியைத்தான். எந்தத் தெரு வழியாகப் போகும், தண்ணீர் எங்கே போய் விழும் என்பது முடிவாகி, மதிப்பீடு போட்டு டெண்டரும் விட்டாயிற்று என்றால், அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் போட்டாலும் மூன்றாம் படியைத் தாண்டாது. மாற்ற எதுவும் மிச்சமில்லையே. வழித்தடம் இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போது, போன மழையில் எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது என்று தெருக்காரர்களோடு நடந்து பார்த்து, அதன்படி கோட்டை மாற்ற உங்களுக்கு அதிகாரமும் இருந்தால், ஆறாம் படிக்குப் பக்கத்தில் வரலாம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை மாற்றும் குழுவில் வியாபாரிகள் சார்பில் என்னையும் இன்னொருவரையும் போட்டார்கள். மொத்தம் 15 பேர். இது கூட்டு முடிவுதானே? (மளிகைக் கடைக்காரர்)

15இல் இரண்டு என்றால் ஐந்தாவது படி. உங்களை நம்பிக் கூப்பிட்டவர்கள் நல்லெண்ணத்தோடே கூப்பிட்டிருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் எதிர்த்தாலும் தீர்மானம் நிறைவேறும். கூடவே, வியாபாரிகளும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுத உங்கள் கையெழுத்து உதவும்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். கூட்டத்தில் என்ன பேசுவது என்ற பட்டியலில் நீங்களாக ஒன்றைச் சேர்க்க முடிகிறதா? வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் கூட்டத்துக்கு முன்பே தருகிறார்களா? உங்கள் மறுப்பு மினிட்ஸில் உங்கள் பெயரோடு ஏறுகிறதா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடும் முன் மறுப்பை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இதற்கெல்லாம் ஏன் அலைய வேண்டும்? கிராம சபையில் தீர்மானம் போட்டால் சட்டப்படி திட்டம் நின்றாக வேண்டும். நியாம்கிரியில் நின்றதே! (ஊராட்சி வார்டு உறுப்பினர்)

நியாம்கிரியைப் பற்றிச் சொன்னது சரி. அதை எல்லா ஊருக்கும் பொருத்துவது சரியில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. திட்ட வேலை அதனால் நிற்கவில்லை.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவதற்கு எதிராக டோங்கிரியா கோந்த் மக்கள் நின்றார்கள். அவர்கள் கையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருந்தது. மலையின் மீது அவர்களுக்குள்ள சமூக, சமய உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலித்துச் சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க வேண்டும், கம்பெனியோ அரசோ குறுக்கிடக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதி மறுத்தது.

இதை நான் ஏழாம் படியில் வைப்பேன். எட்டில் வைக்க மாட்டேன். கடைசிக் கையெழுத்து அமைச்சகத்திடமே இருந்தது. எந்தக் கிராமங்களைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்தது மாநில அரசு. மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்க 12 மட்டும் ஏன் என்று அப்போதே சண்டை நடந்தது. யாரைக் கேட்பது என்று முடிவு செய்கிறவர் கையிலும் பாதி அதிகாரம் இருக்கிறது.

உங்கள் ஊரில் வன உரிமைச் சட்டம் பொருந்தாவிட்டால், தீர்மானம் அரசியல் அழுத்தமாக வேலை செய்யும். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மதுரை மாவட்டக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஊர்கள் திரண்டன, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய வெற்றிதான். ஆனால் தீர்மானத்துக்குச் சட்ட வலு வந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கருத்துக் கேட்பை ரொம்ப மட்டம் தட்டுகிறீர்கள். மக்கள் எழுப்பிய முக்கியமான கவலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். கோவா வழக்கை மறந்துவிட்டீர்களா?

ஐயா, அதைச் சேர்த்ததற்கு நன்றி. கோவாவின் இரும்புத் தாதுச் சுரங்க வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது இதுதான்: மக்களின் ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்ததற்கு அடையாளமாகக் காரணங்கள் பதிவில் இருக்க வேண்டும். அதனால்தான் "திட்டம் வேண்டாம்" என்று மட்டும் பேசாமல், "அறிக்கையில் இத்தனாவது பக்கத்தில் கிணறுகளின் எண்ணிக்கை தவறு, எங்கள் தெருவின் கிணறுகள் விடுபட்டிருக்கின்றன" என்று எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன். அதற்குப் பதில் இல்லாமல் அனுமதி வந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

இதெல்லாம் நான்காம் படிக்கு ஒரு கைப்பிடி போடுகிறது என்பேன். ஐந்தோ ஆறோ ஆகிவிடாது. காரணம் சொல்லிவிட்டு மறுக்கும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது. இதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள் என்று தெரியும்.

எட்டாவது படி வரைக்கும் ஏறினாலும் எங்கள் காலனிப் பெண்களுக்கு என்ன வந்துவிடும்? கிராம சபையில் மைக் எங்கள் பக்கம் வருவதே இல்லை. (மகளிர் குழு உறுப்பினர்)

அக்கா, ஏணியின் பெரிய குறையே நீங்கள் சொல்வதுதான். அதிகாரம் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டே கூட்டமாக வரைந்திருக்கிறேன், இரண்டுக்குள்ளும் பிளவுகள் இருக்கின்றன என்று ஆர்ன்ஸ்டைன் அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். நிஜத்தில் 150 படிகள்கூட இருக்கலாம் என்றும் சொன்னார். ஊர் முழுவதற்கும் ஏழாம் படி கிடைத்த அதே நாளில் உங்கள் காலனி இரண்டாம் படியில் நிற்கலாம். அதைச் சரிசெய்யும் வழி அந்த ஏணியில் இல்லை, என்னிடமும் முழுப் பதில் இல்லை. காலனிக்குத் தனிக் கூட்டம் போட்டு, அதன் தீர்மானத்தைக் கிராம சபையில் வாசித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். தனியாகப் பேசினால் நம்மை ஒதுக்குவது இன்னும் சுலபமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. உங்கள் காலனியில் எது நடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.