பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது

சாவி ரிமோட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இன்னொரு முறை ஓடும். மூன்றாம் முறை அசையாது. பழுதான வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்களா? (சாட்ஸ்வொர்த்)

இல்லை, அது கம்பெனியே வைத்த கட்டுப்பாடு. ஆளில்லாத வண்டி கணக்கின்றி ஓடக்கூடாது என்பதால் பல வண்டிகளில் பத்து நிமிடம், சிலவற்றில் பதினைந்து. இரண்டு முறைக்குப் பிறகு நீங்களே உள்ளே உட்கார்ந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்தால்தான் கணக்கு புதிதாகும். பானெட் சரியாக மூடாவிட்டாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ரிமோட்டுக்கு வண்டி மசியாது. வெயிலுக்கு ஐந்து நிமிடமே போதும். பல வண்டிகள் நீங்கள் கடைசியாக விட்ட ஏசி அளவிலேயே தொடங்கும். இறங்கும்போதே குளிரில் வைத்துவிட்டு இறங்குங்கள். மூடிய கராஜுக்குள் மட்டும் அழுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்ளறை வரை வரும்.

பேரன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். ஏசி ஓட, கதவைப் பூட்டிவிட்டு ரொட்டி வாங்கி வரலாமா? செயலியில் மிச்ச நேரம் தெரிகிறதே. (ஃபீனிக்ஸ்)

கூடாது அம்மா. கோபித்துக்கொண்டாலும் சரி.

பிப்ரவரி மாத டர்பனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 32 டிகிரி, உள்ளே 24. கடையில் வரிசை நீள்கிறது, பத்தாவது நிமிடம் எஞ்சின் நிற்கிறது. சத்தம் போட்டா நிற்கும்? செயலி சொல்லலாம், ஆனால் மாலுக்குள்ளோ அடித்தளப் பார்க்கிங்கிலோ சிக்னல் இல்லையென்றால் செய்தியும் வராது, மறுபடி ஸ்டார்ட் செய்யும் கட்டளையும் போகாது. மூடிய கண்ணாடி வழியே வெயில் இறங்கும்போது உள்ளே சூடு நிமிடக் கணக்கில் ஏறும். குழந்தையின் உடம்போ பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். விற்பவர்கள் "ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்" என்று சொல்லும்போது அந்த நேர வரம்பை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். இது காலியான வண்டியைக் குளிரவைக்கும் வசதி. பேரனைத் தூக்கிக்கொண்டு போங்கள். ரொட்டி பிறகு வாங்கலாம். நாய்க்கும் இதேதான்.

மேனுவல் கியர் வண்டிக்கு வெளிக்கடையில் மலிவாக ரிமோட் ஸ்டார்ட் பொருத்தலாமா? (டோங்காட்)

வேண்டாம். கியரில் விட்டிருந்தால் துள்ளி முன்சுவரை இடிக்கும். என் பழைய வண்டியில் இப்படிப் பொருத்திய ஆள், மாற்றுச்சாவியை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரை ஏமாற்றியிருந்தார். திருடனுக்கு வேறென்ன வேண்டும்! காப்பீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பழைய வண்டி வாங்கினேன். செயலி வேலை செய்யும் என்றார்கள். கணக்கு இன்னும் முன்னவர் பெயரில் இருக்கிறது. (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அவரால் இப்போதும் உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யவும் பூட்டைத் திறக்கவும் முடியலாம். அவரது கணக்கை நீக்கித் தரச்சொல்லி விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். விற்றவர் டீலர் என்றால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். மசியாவிட்டால் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மனிடம் புகார் கொடுங்கள்.